நூற்றிருபது சிப்பம் அரிசி லாபமா?

"மாசம் இருபது சிப்பம்தானே எடுக்கறீங்க? ஆறு மாசத்துக்குச் சேர்த்து நூத்தியிருபதா ரொக்கத்துக்கு எடுங்க, நாலு பர்சென்ட் தள்ளித் தர்றேன்." மெஸ் நடத்துகிறவர்கள் எல்லோரும் அரிசி ஏஜெண்டிடம் கேட்டிருக்கும் பேச்சு இது. அவர் போன பிறகு கால்குலேட்டரைத் தட்டினால் தள்ளுபடித் தொகை கண்ணைப் பறிக்கும். அந்தத் தொகையில் எவ்வளவு உண்மையில் கைக்கு வரும் என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு சின்ன மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். புழுங்கலரிசி 26 கிலோ சிப்பம் 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (25 கிலோவாக இருந்த மூட்டை 26 ஆனதற்கு ஜி.எஸ்.டி.தான் காரணம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி வரியிலிருந்து தப்பித்துக்கொண்டன.) மாதம் இருபது சிப்பத்துக்கு 28,000 ரூபாய். நாலு சதவீதத் தள்ளுபடியில் சிப்பம் 1,344-க்குக் கிடைக்கும். நூற்றிருபதுக்கும் சேர்த்து 1,61,280 ரூபாய். மாதாமாதம் வாங்கினால் ஆகக்கூடிய 1,68,000-இல் 6,720 ரூபாய் மிச்சம்.

இந்த 6,720 ஒரு பொய்க்கணக்கு. 1,68,000 ரூபாயை யாரும் ஒரே நாளில் கொடுப்பதில்லை, ஆறு தடவையாகக் கொடுக்கிறோம். 1,61,280 ரூபாயோ இன்றே போகிறது. இன்று போகும் பணத்தையும் ஐந்து மாதம் கழித்துப் போகும் பணத்தையும் ஒரே தராசில் அப்படியே வைக்கக்கூடாது. பிறகு கொடுக்க வேண்டியதை முதலில் இன்றைய மதிப்புக்கு இறக்க வேண்டும்.

இறக்குவது சுலபம். மெஸ்காரர் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறார் என்றால், அடுத்த மாதம் கொடுக்கவேண்டிய 28,000-ஐ 1.015-ஆல் வகுக்க வேண்டும். 27,586 வரும். இன்று அவ்வளவு கையில் இருந்தால் ஒரு மாத வட்டியோடு சேர்ந்து அதுவே 28,000 ஆகிவிடும் என்று அர்த்தம். அதற்கடுத்த மாதத்துத் தொகையை இரண்டு முறை வகுக்க வேண்டும், அப்படியே மேலே போகவேண்டும். முதல் மாதத்துக்கு இன்றும், மற்றவற்றுக்கு மாதாமாதமும் பணம் கொடுப்பதாகக் கொண்டு கூட்டினால் ஆறு தவணைகளின் இன்றைய மதிப்பு 1,61,914 ரூபாய். மொத்தமாக வாங்கினால் 1,61,280. ஆக, மிச்சம் 634 ரூபாய்தான். மற்றதெல்லாம் வட்டி தின்றுவிட்டது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. வழக்கமாக அரிசி போடும் கடைக்காரர் கையோடு பணம் கேட்பதில்லை, ஒரு மாதத் தவணை தருகிறார். ஏஜெண்ட் தள்ளுபடி தருவதோ ரொக்கத்துக்கு. அதாவது அந்த ஒரு மாதக் கடனும் நம் கையை விட்டுப் போகிறது. அதையும் சேர்த்தால் மாதாமாத வழியின் இன்றைய மதிப்பு 1,59,521 ஆகக் குறைகிறது. இப்போது மொத்தக் கொள்முதலில் 1,759 ரூபாய் நஷ்டம்! தொழில் செய்கிறவர்கள் தவணைக்கு விலை இருப்பதை அறிவார்கள், ஆனால் தள்ளுபடி பேசும்போது ஏனோ மறந்துபோகிறார்கள்.

இவ்வளவு வகுத்துக்கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. மாதத் தவணையில் வாங்கினால் முதல் இருபது சிப்பத்துக்கு ஒரு மாதம் கழித்தும், கடைசி இருபதுக்கு ஆறு மாதம் கழித்தும் பணம் தருவோம். சராசரி மூன்றரை மாதம். அதை ஒன்றரை வட்டியால் பெருக்கினால் ஐந்தேகால். துல்லியமாகப் போட்டால் ஐந்துக்குச் சற்று மேல் வரும். ஆகவே தள்ளுபடி அதற்குக் கீழே இருந்தால் வட்டிக்கே கட்டுப்படியாகாது.

வட்டி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதே பேரம் ஒருவருக்கு லாபமாகவும் அடுத்தவருக்கு நஷ்டமாகவும் இருக்கும். ரெண்டு வட்டிக்கு வாங்குகிறவருக்கு நஷ்டம் 4,400-ஐத் தாண்டும். வங்கி டெபாசிட்டில் சும்மா கிடக்கும் பணத்தை எடுப்பவருக்கு, மாதம் 0.6 சதவீத வட்டிதான் போகிறது என்றால், 3,200 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். நம் கைப்பணத்துக்கு வட்டியே கிடையாது என்று போடும் கணக்கு மட்டும் எல்லோருக்கும் தப்பு.

அந்த டெபாசிட்காரரும் மூட்டைகளை எங்கே அடுக்குவது என்று யோசிக்க வேண்டும். நூற்றிருபது சிப்பம் என்றால் மூன்று டன்னுக்கு மேல், சமையற்கட்டின் மூலையில் அடங்காது. பக்கத்தில் ஓர் அறையை மாதம் 800 ரூபாய்க்கு ஐந்து மாதம் எடுத்தால் அந்த வாடகையின் இன்றைய மதிப்பே ஏறத்தாழ 3,900. அவருடைய 3,200-உம் போய், கைப்பிடித்தமாகிவிடுகிறது. வீட்டில் வேறெதற்கும் பயன்படாத அறை சும்மா இருந்தால் மட்டும் இந்தச் செலவைச் சேர்க்க வேண்டாம்.

பிறகு வண்டு. அரிசி வண்டு மணிக்குள் துளையிட்டு முட்டை வைக்கும். நம் ஊர் வெக்கையில் முட்டை வண்டாகி வெளியே வர ஒரு மாதம் போலத்தான் ஆகும். மாதாமாதம் வாங்குகிறவரிடம் அது பெருகுவதற்குள் அரிசி உலைக்குப் போய்விடுகிறது. ஆறு மாத இருப்பிலோ பேரன் பேத்தி எடுத்துவிடும். மூட்டைக்குள் கையை விட்டு எடுத்துப் பாருங்கள். விரலில் வெள்ளை மாவு ஒட்டினாலோ, நடு மூட்டை வெதுவெதுப்பாக இருந்தாலோ ஆரம்பித்துவிட்டது என்று பொருள். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் ஈரம் ஏறாது, ஆனால் ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. நூற்றிருபதில் இரண்டு சிப்பம் கெட்டால் 2,700 ரூபாய் போச்சு.

பழைய அரிசி நன்றாகப் பருக்கும், சோறு குழையாது, அதனால் சேர்த்து வைப்பது நல்லது என்று சமையல்காரர் சொல்லலாம். அது உண்மைதான். அந்தக் கூடுதல் சோற்றுக்கும் ஒரு விலை போட்டுக் கணக்கில் சேருங்கள். "விலை ஏறப்போகுது" என்பது வேறு விஷயம். அது தள்ளுபடிக் கணக்கில் சேராது, சூதாட்டக் கணக்கில் சேரும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது, 2024 செப்டம்பரில் எடுத்தது. இப்படி அரசின் ஒரே உத்தரவில் சந்தை எந்தப் பக்கமும் சாயலாம்.

மொத்தமாக வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. இரண்டு மாதத்துக்கு நாற்பது சிப்பம் எடுத்தால் மூன்று சதவீதம் தருவதாக வைத்துக்கொள்வோம். சராசரிக் காத்திருப்பு ஒன்றரை மாதம், வட்டிக்குப் போவது இரண்டேகால் சதவீதம். ஒன்றரை வட்டிக்காரருக்கே சுமார் 445 ரூபாய் நிற்கும். தனி அறை வேண்டாம், வண்டு பெருகவும் நேரம் இருக்காது. நாலு சதவீதத்தைவிட மூன்று சதவீதம் மேலானதாகிவிடுகிறது.

ஏஜெண்டிடம் கேட்கவேண்டிய கேள்வியும் வேறு. "நூற்றிருபதுக்கும் இன்றே விலை பேசி முடித்துக்கொள்கிறேன், மாதம் இருபதாக அனுப்புங்கள், வந்தபின் பணம் தருகிறேன், எத்தனை சதவீதம் தள்ளுவீர்கள்?" என்று கேளுங்கள். சரக்கும் வட்டியும் ஆலைக்காரர் தலையில் இருக்கும் அந்த ஏற்பாட்டில், நாலுக்குப் பதில் ஒரு சதவீதம் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.