பிறந்த மாதமும் சம்பளச் சீட்டும்

கூடுதலாகப் படித்தவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். காரணம் படிப்பா, அவரது இயல்பான திறமையா? திறமை வழக்கமான கணக்கெடுப்புகளில் பதிவாவதில்லை.

1991-இல் ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட், ஆலன் க்ரூகர் இருவரும் பிறந்த மாதத்தைப் பிடித்தார்கள். அக்காலத்து அமெரிக்காவில் ஜனவரியில் பிறந்த பிள்ளை, டிசம்பர் பிள்ளையைவிடச் சற்று மூத்த வயதில் பள்ளியில் சேர்ந்தது. ஆனால், பல மாநிலங்களில் 16 வயதானாலே பள்ளியை விட்டுவிட முடிந்தது. அந்த வயதில் ஜனவரிப் பிள்ளை படித்திருந்தது குறைவு.

1930-களில் பிறந்த ஆண்களில், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 0.1 ஆண்டு குறைவாகப் படித்திருந்தார்கள். சம்பளமும் சுமார் 1% குறைவு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஓராண்டுப் படிப்புக்குச் சுமார் 10%. பள்ளியை விட வயது வந்ததும் வெளியேறக்கூடியவர்களுக்கான விடை இது, எல்லோருக்குமானது அல்ல.

பிறந்த மாதம் இங்கே ‘கருவி மாறி’. அது படிப்பை அசைக்க வேண்டும். இது தொடர்பு நிபந்தனை, தரவிலேயே சரிபார்க்கலாம். 0.1 ஆண்டு என்பது மெல்லிய அசைவுதான். கருவி பலவீனமானால் விடை தடுமாறும் என்று 1995-இல் பவுண்ட், ஜேகர், பேக்கர் எச்சரித்தார்கள்.

இரண்டாவது, புறத்தன்மை. பிறந்த மாதம் திறமையோடோ குடும்பப் பின்னணியோடோ ஒட்டியிருக்கக் கூடாது. படிப்பின் வழியாக மட்டுமே சம்பளத்தைத் தொட வேண்டும். திறமை கண்ணுக்குத் தெரியாததால் இதை முழுதாக நிரூபிக்க முடியாது, சந்தேகிக்கத்தான் முடியும். பின்னாளில் பக்கிள்ஸ், ஹங்கர்மேன் அப்படித்தான் தோண்டினார்கள்: குளிர்காலத்தில் குழந்தை பெறும் தாய்மார்களில் பதின்வயதினரும் குறைவாகப் படித்தவர்களும் சற்று அதிகம்.