ஹார்ப்சிகார்ட்: ஓங்கி அடித்தாலும் அதே சத்தம், தடவினாலும் அதே சத்தம்

பியானோவில் ஒரு கட்டையை ரொம்ப மெதுவாக, மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டு, அடிவரை அழுத்திப் பாருங்கள். சத்தமே வராது. ஹார்ப்சிகார்டில் அதே மாதிரி அழுத்தினால் வழியில் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரியும், உடனே ‘டிங்’ என்று முழு ஸ்வரமும் வந்துவிடும். கட்டையை ஓங்கிக் குத்தினாலும் கிட்டத்தட்ட அதே ‘டிங்’தான். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு வாத்தியங்கள் உள்ளே எவ்வளவு வேறு என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும்.

பியானோவில் கட்டையின் மறுமுனையில் இருப்பது கம்பளி ஃபெல்ட் போர்த்திய ஒரு சுத்தியல். கட்டை அதைக் கம்பிவரை தள்ளிக்கொண்டு போவதில்லை. கம்பிக்குச் சற்று முன்னாலேயே இணைப்பு விடுபட்டுவிடும். கடைசிச் சில மில்லிமீட்டரைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்கிறது. அதாவது நாம் கம்பியை அடிப்பதில்லை, கம்பியின் மேல் சுத்தியலை எறிகிறோம். எறிந்த வேகம்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. வேகம் போதாவிட்டால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும், அதனால்தான் மேலே சொன்ன மௌனம்.

ஹார்ப்சிகார்டில் கட்டையின் மறுமுனையில் நிற்பது ஜாக் என்கிற மெல்லிய மரப்பட்டை. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் பறவை இறகின் தண்டைச் சீவிச் செருகினார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கட்டையை அழுத்தினால் ஜாக் மேலேறும், நுனி கம்பியை அடியிலிருந்து தூக்கும். கம்பி விறைத்துக்கொண்டே போகும், நுனி வளைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் நுனிக்கு அதற்கு மேல் தாங்காது. வழுக்கி விடுபடும், கம்பி அதிரத் தொடங்கும். விரலை எடுத்தால் ஜாக் கீழே விழும். அதிலுள்ள ஒரு சிறிய நாக்கு பின்னால் மடிந்து, கம்பியை மறுபடி மீட்டாமல் நுனியைக் கீழே இறக்கிவிடும். ஜாக்கின் உச்சியில் இருக்கும் துணித்துண்டு கம்பியில் படிந்து ஒலியை நிறுத்தும்.

உண்டிவில்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது ரப்பரை எவ்வளவு தூரம் இழுத்தோம் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு சீக்கிரம் இழுத்தோம் என்பதை அல்ல. ஹார்ப்சிகார்டில் இழுப்பின் தூரம் அந்த நுனியின் நீளம், தடிமன், விறைப்பு இவற்றால் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. விரல் செய்வதெல்லாம் ‘எப்போது விடுவது’ என்ற முடிவு மட்டும்தான். அளந்து பார்த்தால் வேகத்தால் சிறிய மாற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓங்கிக் குத்தினால் நம் காதில் கூடுதலாக விழுவது பெரும்பாலும் மரம் மோதும் ‘டொக்’.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். வீணையும் மீட்டுகிற வாத்தியம்தானே, அதில் மட்டும் எப்படி மென்மையும் அழுத்தமும் வருகிறது? வீணையில் தந்தியை எவ்வளவு இழுத்து விடுவது என்பது வாசிப்பவரின் விரல் கையில் இருக்கிறது. ஆக, பிரச்சினை மீட்டுவதில் இல்லை. விரலுக்கும் கம்பிக்கும் நடுவே எப்போதும் ஒரே அளவு இழுக்கிற ஒரு இயந்திரம் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது.

அப்படியென்றால் ஹார்ப்சிகார்டின் சத்தத்தை முடிவு செய்வது யார்? கத்தியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு நுனியையும் சீவுகிற ஆள். நுனி நீளமாகிப்போனால் அந்த ஸ்வரம் மட்டும் பக்கத்து ஸ்வரங்களைவிடக் கத்தும், கட்டையும் கனக்கும். ஜாக் திரும்பி இறங்கும்போது நுனி கம்பியின் மேலேயே தொங்கிவிடவும் செய்யும். முதல் தடவை ஒலித்து அடுத்த தடவை ஊமையாகிற கட்டை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நுனி தேய்ந்தோ விரிசல் விட்டோ போனால் ஸ்வரம் சோனியாகிவிடும். வாசிப்பவர் விரலால் இதை எதையும் சரிக்கட்ட முடியாது.

மேடையில் அவருக்கு மிஞ்சியிருப்பது இரண்டு வழி: எத்தனை கம்பி ஒலிக்க வேண்டும், எந்த நொடியில் ஒலிக்க வேண்டும்.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் பாக் 1735-இல் வெளியிட்ட ‘இத்தாலியன் கான்செர்ட்டோ’. இரண்டு விசைப்பலகை உள்ள ஹார்ப்சிகார்டுக்கு என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். இரண்டாவது பகுதியில் வலது கையின் நீண்ட மெட்டுக்கு ‘ஃபோர்ட்டே’ (பலமாக) என்றும், இடது கைக்கு ‘பியானோ’ (மென்மையாக) என்றும் எழுதியிருக்கிறார். இது விரலுக்கான கட்டளை இல்லை, எந்தக் கை எந்தப் பலகையில் என்பதற்கான கட்டளை. வலது கை கீழ்ப்பலகையில், இடது கை மேற்பலகையில். கீழ்ப்பலகையில் ஒரே கட்டைக்கு இரண்டு கம்பி வரிசைகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கலாம். மேற்பலகையின் ஜாக்குகள் பொதுவாகக் கம்பியின் ஓரத்துக்கு நெருக்கமாக மீட்டுவதால் அந்த ஒலி கொஞ்சம் மூக்கால் பாடுவது போல இருக்கும்.

சேர்த்தால் எவ்வளவு கூடும்? சம பலமுள்ள ஒலிகள் என்று வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்கு போடலாம்:

```
2 கம்பிகள்:   10 × log10(2)  ≈ 3 dB
16 கம்பிகள்:  10 × log10(16) ≈ 12 dB
```

சுமார் 10 டெசிபல் ஏறினால்தான் காதுக்குச் சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்றும். ஆகவே இரண்டாவது வரிசையைச் சேர்ப்பதில் சத்தத்தைவிட நிறம்தான் அதிகம் மாறுகிறது. ஆனால் இரண்டு வரிசையோடு எட்டு ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தினால் 16 கம்பிகள், ஒற்றைக் கம்பியைவிட 12 டெசிபல் அதிகம். அதனால்தான் ஹார்ப்சிகார்டுக்கு எழுதியவர்கள் அழுத்தம் வேண்டிய இடத்தில் ஸ்வரங்களைக் குவித்தார்கள், மென்மை வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டாகக் குறைத்தார்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கம் இசைக்குறிப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இரண்டாவது வழி நேரம். 1716-இல் ஹார்ப்சிகார்ட் வாசிப்பு பற்றி ஒரு நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா கூப்பரென் இதை நேரடியாகவே பேசுகிறார். வில் வாத்தியக்காரர் ஸ்வரத்தைப் பெருக்கிக் காட்டுகிற இடத்தில், ஹார்ப்சிகார்ட்காரர் அந்த ஸ்வரத்தை ஒரு கணம் தாமதித்து வாசிக்க வேண்டும் என்கிறார். முன்னால் விழும் அந்தச் சிறு மௌனம் அடுத்து வருவதைக் கனமாக்கிவிடும். முந்தைய ஸ்வரத்தைச் சற்று முன்னதாகவே வெட்டினாலும் இதே விளைவுதான். தலைகீழாக, முந்தைய ஸ்வரத்தின் மேல் அடுத்ததைப் படரவிட்டால் அது மெல்லிதாகக் கேட்கும். கம்பியின் சத்தம் மாறவில்லை, நம் காது ஏமாறுகிறது.

ஃபுளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தில் வேலை பார்த்த பார்த்தலோமேயோ கிறிஸ்டோஃபோரிக்கு இது போதவில்லை. அவரும் ஹார்ப்சிகார்ட் செய்தவர்தான். அவர் செய்த புது வாத்தியம், மென்மையாகவும் பலமாகவும் ஒலிக்கக்கூடியது என்ற விவரத்தோடு அந்தக் குடும்பத்தின் 1700-ஆம் ஆண்டுச் சரக்குப் பட்டியலில் இருக்கிறது. ‘பியானோ’ என்ற பெயரே அந்த ‘மென்மை’யின் மிச்சம்தான்.

வீட்டில் மின்னணுக் கீபோர்டு இருந்தால் ஒரு சோதனை. விரலின் வேகத்தை மிடி 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகப் பதிவு செய்யும். பொது மிடி பட்டியலில் 7-ஆவது ஒலி ஹார்ப்சிகார்ட். அதைத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டையை மெதுவாகவும் ஓங்கியும் தட்டுங்கள். சத்தம் ஏறி இறங்கினால், உங்கள் கீபோர்டில் இருப்பது ஹார்ப்சிகார்ட் வேஷம் போட்ட பியானோ.