அழைப்பிதழில் இரண்டு எண்கள்



ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலக மேசையில் திருமண அழைப்பிதழ்கள் சேரத் தொடங்கிவிடும். அநேகமாக எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுபோல் இருக்கும்: 'தொடர்புக்கு' என்று போட்டு இரண்டு கைப்பேசி எண்கள். அவை யாருடையவை, எதற்கு யாரை அழைப்பது என்பது இருக்காது. என் மூத்த மகளின் நிக்காஹ் அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சடித்தோம். ஒரு எண் என்னுடையது, மற்றது என் அண்ணனுடையது.

நிக்காஹ் காலை 11 மணிக்குப் பள்ளிவாசலில். பெண்ணுக்கு வலீ நான். பதிவேட்டில் விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது, சாட்சிகளை உட்கார வைப்பது, குத்பா, ஈஜாப் கபூல், துஆ, பிறகு முஸாபஹா என்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பள்ளிக்குள் நுழையும்போதே கைப்பேசியை அணைத்துவிட்டேன், அணைக்கத்தானே வேண்டும்?

அந்த நேரத்தில் என் மாமி, என் அத்தாவின் தங்கை, ஊரிலிருந்து வந்து பழைய பேருந்து நிலையத்தில் இறங்கியிருக்கிறார்கள். நாங்கள் வைத்த வேன் நின்றது புதிய பேருந்து நிலையத்தில். என்னை அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது. அண்ணன் எடுத்தார். ஆனால் அவர் மண்டபத்தில் பந்திக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "வேன் தம்பி பொறுப்பு, அவனைக் கேளுங்க மாமி" என்று வைத்துவிட்டார். இருவரையும் மாற்றி மாற்றி ஏழு முறை அழைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து லுஹருக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். என் உம்மா மவுத்தான பிறகு என்னை வளர்த்தவர்கள் அவர்கள். "துஆவுக்குத்தான் இல்லாமப் போயிட்டேன் வாப்பா" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது மகளின் நிக்காஹ் வந்தபோது அந்த வரியை இப்படி எழுதினோம்:

'வழி, வாகனம்: மணமகளின் தாய்மாமா (எண்). வெளியூரிலிருந்து வருவோர், தங்குமிடம், பெண்கள் பகுதி: மணமகளின் பெரியம்மா வீடு (எண்).'

என் எண்ணையும் அண்ணன் எண்ணையும் போடவில்லை. "பெண் வீட்டு அத்தாவின் எண் இல்லாமல் அழைப்பிதழா?" என்று அச்சகத்தில்கூடக் கேட்டார்கள். அதற்குத்தான் மேலே 'அழைப்பது' என்று பெயர் இருக்கிறது. தொடர்பு எண் வேறு வேலை. நிக்காஹ் நடக்கும்போது உள்ளே இருந்தாக வேண்டிய யாருடைய எண்ணும் அங்கே கூடாது: வலீ, வக்கீல், இரு சாட்சிகள், மாப்பிள்ளை. தாய்மாமா பள்ளியின் வாசலிலேயே நின்றார். இரண்டு வேன் ஓட்டுநர்களின் எண்ணும் அவரிடம் இருந்தன. யார் எந்த நிறுத்தத்தில் நின்று அழைத்தாலும் அவர் உடனே திருப்பிவிட முடிந்தது.

பெரியம்மாவின் எண்ணைப் போட்டதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்குப் பால் சூடுபண்ண இடம் இருக்குமா, தொழ இடம் உண்டா, எந்த வாசல் வழியாக வருவது என்பதையெல்லாம் பெண்கள் முன்பின் தெரியாத ஆணிடம் கேட்கத் தயங்குகிறார்கள். பெண்ணின் பெயரை அச்சிட விருப்பமில்லாதவர்கள் 'பெரியம்மா வீடு' என்று உறவைப் போட்டாலே போதும். ஆனால் மணப்பெண்ணின் எண்ணையோ, வீட்டு இளம்பெண்களின் எண்ணையோ ஒருபோதும் போடாதீர்கள். அழைப்பிதழ் இப்போது வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போகிறது. ஒரு வீட்டில் திருமணம் முடிந்தும் வேண்டாத அழைப்புகள் வந்து, கடைசியில் எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று.

எத்தனை பேர் வருவீர்கள் என்று விருந்தாளியைக் கேட்பது நம்மில் மரியாதைக் குறைவு. நானும் கேட்கமாட்டேன். ஆனால் தங்குமிடத்துக்காக வெளியூர்க்காரர்கள் தாங்களாகவே பெரியம்மாவை அழைத்தார்கள். அவர்கள் ஒரு நோட்டில் குறித்து வந்ததில், நாங்கள் நினைத்ததைவிட 62 பேர் கூடுதல் என்று மூன்று நாள் முன்பே தெரிந்தது. எங்கள் பண்டாரி ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போடுபவர். ஆறு கிலோ அரிசியும் அதற்கேற்ற கறியும் கூட்டச் சொன்னோம். இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லாமல் நிக்காஹ் அன்று காலையில் போய்க் கேட்டால் கிடைக்காது.

அச்சகத்தில் மாதிரிப் பிரதி தரும்போது எண்ணைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். அந்தத் தாளைப் பார்த்தே அங்கேயே அழுத்தி அழைத்துப் பாருங்கள். எங்கள் பிரதியில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தது. எடுத்தவர் வேறு மாவட்டத்து மளிகைக் கடைக்காரர். 500 அழைப்பிதழ் அடித்த பிறகென்றால், ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு ஒட்ட வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு எண்களும் வலீமா முடிந்து நான்கைந்து நாள் வரையாவது இயங்கட்டும். எங்கள் பெரியம்மா வீட்டுக்குத் திருமணத்துக்கு மறுநாள் வந்த முதல் அழைப்பு, பெண்கள் பகுதியில் ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு தொலைந்ததைப் பற்றியது. பாய் மடிக்கும்போது கிடைத்திருந்தது.