கடனுக்கு ஒளித்த சொத்து

"கேஸ் வரப்போகுது, வீட்டை மனைவி பேர்ல எழுதிட்டா யாரும் தொட முடியாது" என்பார் சிலர். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதை ஏற்பதில்லை.

ஒரு வியாபாரிக்கு 8 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். சொத்து என்பது வீடு ஒன்றுதான். வக்கீல் நோட்டீஸ் வந்த மறுவாரமே அதை மனைவிக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவிட்டு, அங்கேயே குடியிருக்கிறார். பணம் கைமாறவில்லை, கடனைத் தீர்க்க வேறு சொத்தும் இல்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஏமாற்றும் எண்ணத்தைக் கோர்ட் ஊகிக்கிறது. ஆனால் பத்திரம் தானாகச் செல்லாமற்போகாது. கடன் கொடுத்தவர் ஆட்சேபிக்க வேண்டும். அவர் போடும் வழக்கும் கடன் கொடுத்த எல்லோருக்காகவும் இருக்க வேண்டும்.

அதே வீட்டை, விஷயம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியிருந்தால் அவருடைய கிரயம் நிற்கும்.

கடன் கொடுத்த பலரில் ஒருவருக்கு மட்டும், அவருடைய உண்மையான கடனுக்கு ஈடாக வீட்டை எழுதிக்கொடுத்தால்? மற்றவர்கள் நஷ்டப்பட்டாலும் அது மட்டுமே மோசடியாகாது. தனக்கென்று எதையும் ஒதுக்கிக்கொள்ளாதிருந்தால் போதும். 1915-இல் முசாகர் சாகு வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இது. திவால் நடவடிக்கை வந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே ஒருவருக்குக் காட்டிய சலுகையும் ரத்தாகலாம்.