வெறுமையான விவரக் குறிப்பும் முதல் வார்த்தையும்

முன்னாளிற் கலியாணத் தரகர் ஒருவர் குறிப்போடு வீட்டுக்கு வந்தால், அதில் இல்லாதவற்றை வாயாற் சொல்லி நிரப்பிவிடுவார். இன்று அந்த வேலையை இணையத்தளம் செய்கிறது. அது இருவரைப் பொருத்தம் என்று காட்டும். குறிப்பிலுள்ள வெற்றிடத்தை நிரப்பாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சுன்னாகத்திற் பிறந்து ரொறன்ரோவில் வாழும் இளைஞர் ஒருவருக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஒரு படம், வயது 29, ஊர் பருத்தித்துறை, தொழில் ஆசிரியை. வேறொன்றும் இல்லை. அவர் என்ன எழுதுவது?

குறிப்பு ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதை முதலில் எண்ணவேண்டும். குடாநாட்டில் ஊரும் பாடசாலையும் தெரிந்தாற் போதும், பொழுது சாய்வதற்குள் ஆளை இன்னாரென்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பெண்கள் பலர் வேண்டுமென்றே விவரங்களை மறைக்கின்றனர். சில குறிப்புகளைத் தந்தையோ தமையனோ எழுதியிருப்பார். முதற் கடிதத்தையும் அவரே வாசிக்கக்கூடும்.

ஆதலால் "எந்தப் பாடசாலை? வீடு எந்த வீதியில்?" என்று தொடங்குவது தவறு. மறைத்ததையே கேட்பதனால் மறுபுறம் அச்சமே உண்டாகும். "வணக்கம், நலமா?" என்பதும் பயனில்லை, "நலம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆளை அடையாளங் காட்டாமலே விடை சொல்லக்கூடிய கேள்வியே ஏற்றது. அதற்கு முன் தம்மைப்பற்றி இரண்டொரு செய்தி சொல்லவேண்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நான் சுன்னாகத்தைச் சேர்ந்தவன். ரொறன்ரோவிற் கணக்காளராக இருக்கிறேன். நீங்கள் ஆசிரியை என்று கண்டேன். படிப்பிப்பது சிறு பிள்ளைகளுக்கா, உயர்தர வகுப்பினருக்கா? என் தாயாரும் ஆசிரியையாக இருந்தவர்; சிறு பிள்ளைகளின் வகுப்பே கடினம் என்பார்."

இதற்கு ஒரு வரியில் விடையளிக்கலாம். விரும்பினால் ஒரு கதையே சொல்லலாம். தந்தை வாசித்தாலும் குறையில்லை. "சிறு பிள்ளைகளுக்கு" என்று மட்டும் விடை வந்தால், அந்த வகுப்பைப் பற்றியே அடுத்த கேள்வியும் அமையட்டும். உடனே சாதகத்துக்கும் சீதனத்துக்கும் தாவுதல் ஆகாது. பதில் வராவிட்டால், ஒரு வாரத்தின் பின் இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் மௌனமென்றால் அதுவே விடை.

வெறுமையான குறிப்பு வஞ்சகருடையதாகவும் இருக்கலாம். கூச்சமுள்ளவர் பேச்சை மெதுவாக வளர்ப்பார். வஞ்சகர் சில நாள்களிலேயே அளவிறந்த அன்பைப் பொழிவார். முகங்காட்டிப் பேசும் அழைப்புக்குக் கூச்சமுள்ளவர் காலந் தாழ்த்தியேனும் இணங்குவார். வஞ்சகர் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்வார். பின்னர் வைத்தியச் செலவென்றோ விமானச் சீட்டென்றோ பணங் கேட்பார். முகங் காணுமுன் பணப்பேச்சு எழுந்தால், அங்கேயே உரையாடலை நிறுத்திவிடவேண்டும்.