இடைவெளியில்தான் ஆற்றல்

செல்போன் சார்ஜரைப் பிரித்தால் மஞ்சள் டேப் சுற்றிய சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். அதன் கறுப்பு கோர் ஃபெரைட்டால் ஆனது. பெரும்பாலும் ஆங்கில ‘ஈ’ எழுத்து வடிவத் துண்டுகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒட்டியிருப்பார்கள். பக்கக் கால்கள் இரண்டும் ஒட்டி நிற்க, நடுக்கால்கள் மட்டும் தொடாது. அந்த இடைவெளியை வேண்டுமென்றே தேய்த்து உண்டாக்குகிறார்கள்.

ஃப்ளைபேக் எனப்படும் இந்த வகையை டிரான்ஸ்ஃபார்மர் என்று சொல்வதே பாதி உண்மைதான். மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது பிரைமரியில் மட்டும் கரன்ட் ஏறும். செகண்டரியை டயோடு தடுத்து நிற்கும். ஆஃப் ஆன பிறகுதான் சேர்ந்த ஆற்றல் செகண்டரிக்கு இறங்கும். குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றுவது போல, நொடிக்குப் பல்லாயிரம் தடவை இது நடக்கிறது.

12 வாட் சார்ஜர் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழப்பையும் சேர்த்து 15 வாட் உள்ளே வர வேண்டும். 65 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஏறத்தாழ 230 மைக்ரோஜூல். உச்ச கரன்ட் அரை ஆம்பியர் என்றால் பிரைமரிக்கு 1.85 மில்லிஹென்றி தேவை. நடுக்காலின் பரப்பு 23 சதுர மில்லிமீட்டர் உள்ள கோரில் 134 சுற்று சுற்றினால், காந்தப்பாய அடர்த்தி 0.3 டெஸ்லாவோடு நிற்கும். சூடான ஃபெரைட் 0.4 டெஸ்லாவை நெருங்கும்போது செறிவுநிலையை எட்டிவிடும் என்பதால் அதற்கு மேல் போகக் கூடாது. இதற்கு வேண்டிய இடைவெளி வெறும் 0.28 மில்லிமீட்டர்.

அதே கோரை இடைவெளி இல்லாமல் ஒட்டினால் இண்டக்டன்ஸ் பத்து மடங்குக்கும் மேல் எகிறும். ஆனால் 50 மில்லிஆம்பியரைத் தாண்டுவதற்குள்ளேயே கோர் செறிந்துவிடும். இடைவெளி விட்டால் ஃபெரைட்டின் தாங்கும் எல்லை உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எல்லை மாறுவதில்லை, அதை எட்டுவதற்குக் கூடுதல் கரன்ட் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஆற்றலில் ஒன்பது பங்குக்கு மேல் ஃபெரைட்டில் அல்ல, அந்த மெல்லிய காற்றுப் பகுதியில்தான் தங்குகிறது.

செறிந்த கோரில் இண்டக்டன்ஸ் சரிந்து, கரன்ட் கட்டுக்கடங்காமல் பாயும். மாஸ்ஃபெட் சட்டென்று ஷார்ட் ஆகும். அதன் சோர்ஸில் உள்ள சிறு ரெசிஸ்டரும் கருகும். ஆஸிலாஸ்கோப்பில் அந்த ரெசிஸ்டரின் வோல்டேஜைப் பார்த்தால் நேர்கோடாக ஏற வேண்டிய சரிவு நுனியில் மேல்நோக்கி வளையும். அதுவே அடையாளம்.

ரீவைண்டிங் செய்பவர்கள் பிரிப்பதற்கு முன் எல்.சி.ஆர். மீட்டரில் பிரைமரியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுக்காலைத் தேய்க்காமல் மூன்று கால்களிலும் டேப் வைப்பதானால், காந்தப்பாதை அதை இரண்டு தடவை கடக்கும். ஆகவே தடிமன் பாதி, 0.14 மில்லிமீட்டர் போதும். பிரைமரிப் பக்கம் மெயின் லைனோடு தொடர்புள்ளது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சார்ஜருக்கு மின்சாரம் கொடுக்காமல் ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டாதீர்கள்.