கொதிக்க வைத்தாலும் போகாதது

அண்ணன்மாரே, அக்காமாரே, காலி கேனை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள். இன்றைக்கு விலை பற்றிய பேச்சு இல்லை, கறவை பற்றித்தான். சங்கத்தில் ஊற்றிய பாலை பல்க் கூலரில் 4 டிகிரிக்கு இறக்கிவிடுகிறோம், ஆவின் பண்ணையில் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிடுகிறார்கள், அப்புறம் தொழுவத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தருமபுரிப் பக்கம் பலரும் நினைக்கிறோம். அது ஏன் சரியில்லை என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு மார்ச் 31. ஹொக்கைடோ தீவில் தைக்கி என்ற ஊரில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பால் பவுடர் ஆலையில் கரண்ட் போய்விட்டது. சுமார் 3 மணி நேரம் வரவில்லை. பால் ஆறாமல் வெதுவெதுப்பாகவே நின்றது. அதில் இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பெருகி ஒரு நச்சைச் சுரந்தது. பிறகு சூடாக்கியதில் கிருமி செத்தது, நச்சு அப்படியே இருந்தது. அந்தப் பாலில் எடுத்த பவுடர் ஓசாகா ஆலைக்குப் போய், அங்கே தயாரித்த பாலில் கலந்தது. ஜூன் கடைசியில் அதைக் குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. மொத்தம் 13,000 பேருக்கு மேல். சோதனைக்கூடம், இயந்திரம், பெரிய பெயர் எல்லாம் இருந்த கம்பெனி அது.

அந்தக் கிருமி எங்கோ ஜப்பானில் பிறந்தது இல்லை. மடிநோய் கண்ட மாட்டின் காம்பிலும், கறக்கிறவர் கையிலுள்ள வெட்டுக்காயத்திலும், மனிதர் மூக்கிலும் இருப்பதுதான். கூலர் அதைக் கொல்லாது, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவே. கொதி அதைக் கொல்லும், ஆனால் அது ஏற்கெனவே விட்ட நச்சை எடுக்காது. ஆக, கிருமி பாலில் இறங்காமல் தடுக்கக்கூடிய இடம் மாட்டின் காலடி ஒன்றுதான்.

கறந்த பால் மாட்டின் உடல் சூட்டில்தான் வருகிறது. அந்தச் சூட்டில் கிருமி அரை மணிக்கு ஒரு தரம் இரட்டிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரமாக உள்ளே போனது 3 மணி நேரத்தில் அறுபத்து நாலாயிரம். பச்சைப் பாலுக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சக்தி முதல் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தொடக்கத்திலேயே சாணியும் தூசியும் விழுந்த பாலை அதுவும் காப்பாற்றாது. காலை 5 மணிக்குக் கறந்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, 8 மணிக்குச் சங்கத்துக்கு வந்தால் பால் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். டெஸ்ட் டியூபில் கொஞ்சம் ஊற்றி நெருப்பில் காட்டினால் திரிந்துவிடும். அப்போது பாலை ஏன் திருப்புகிறாய் என்று டெஸ்டர் பையனோடு சண்டை போடுவதில் பயனில்லை. அவன் உங்கள் பாலை மட்டும் பார்க்கவில்லை, அது சேரப்போகும் தொட்டியையும் பார்க்கிறான்.

இப்போது கறவைக்கு வருவோம். முதலில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் மூன்று நான்கு பீச்சு பாலைத் தனிக் கிண்ணத்தில் எடுங்கள். கிண்ணத்தின் வாயில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தால் போதும். திரியோ, துணுக்கோ, நீர்த்த பாலோ, ரத்தமோ தெரிந்தால் அந்த மாட்டை எல்லா மாட்டுக்கும் கடைசியாகக் கறங்கள், அந்தப் பாலைத் தனியாக வையுங்கள். இந்த முதல் பாலைத் தரையில் பீச்சுகிறவர்கள் நிறையப் பேர். அங்கேதான் மாடு மறுபடி படுக்கிறது, மடியில் ஒட்டுகிறது. முதல் பீச்சில்தான் கிருமி அதிகம் என்பதால் இதைக் கொட்டுவதில் நஷ்டமும் இல்லை.

அடுத்தது கழுவுவது. மடி முழுக்க வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உடனே கறக்க உட்காருவதைவிடக் கழுவாமல் கறப்பதே மேல் என்பேன். ஈர மடியிலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் காம்பு வழியாக நேரே பாலுக்குள் சொட்டுகிறது. காம்பை மட்டும் கழுவி, மாட்டுக்கு ஒன்றாகத் துணி வைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். விரலைப் பாலில் நனைத்துக்கொண்டு கறக்கும் பழக்கம் நம் பாட்டி காலத்திலிருந்து வருகிறது. ஒரு காம்பின் கிருமியை நாலு காம்புக்கும் கொண்டுபோவது அந்த ஈர விரல்தான். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு உள்ளே காயப்படும், முழுக்கையால் கறங்கள். மாடு பால் விடுவது ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான், அதற்குள் முடித்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது கறந்து முடித்தபின். காம்பின் நுனித் துளை உடனே மூடாது, அரை மணி நேரமாவது திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் ஏறும். அதனால்தான் கறந்த கையோடு காம்பை 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி எடுக்கச் சொல்கிறோம், முன்னால் ராகித்தாளோ பசும்புல்லோ போட்டு நிற்க வைக்கச் சொல்கிறோம். தின்கிற மாடு படுக்காது. செலவில்லாத வேலை, ஆனால் நம்மில் பாதிப்பேர் தீவனத்தைக் கறக்கும்போதே தீர்த்துவிடுகிறோம்.

மடிநோய் எல்லாம் வீங்கிய மடியாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே இருக்கும். பால் குறையும், உப்புச் சுவை வரும், எஸ்.என்.எஃப். இறங்கும். தீவனம் மாறவில்லை, கறவைக் காலமும் முடியவில்லை, ஆனால் அட்டையில் அளவு வாரத்துக்கு வாரம் சரிகிறது என்றால் தண்ணீர் கலந்ததாகச் சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்படுவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மடியைப் பாருங்கள்.

கேன் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நம் போர்த் தண்ணீர் உப்பு, கடினம். அந்தத் தண்ணீரில் கழுவக் கழுவ, கேனின் உள்பக்கம் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும் ஒரு படலம் பிடிக்கும். அது சுண்ணாம்பும் பால் புரதமும் சேர்ந்த பால்கல். கிருமி அதற்குள் ஒளிந்துகொண்டால் சோப்பு எட்டாது. காலி செய்தவுடனே முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் சுடுதண்ணீர் ஊற்றினால் பால் கேனில் ஒட்டி இறுகிவிடும். அதற்கப்புறம்தான் சலவை சோடா கலந்த சுடுதண்ணீரும் பிரஷ்ஷும். அலுமினியக் கேனுக்குச் சலவை சோடா வேண்டாம், அது உலோகத்தையே அரிக்கும். கழுவியதும் கவிழ்த்து வெயிலில் காய வையுங்கள். பெயின்ட் வாளியும் எண்ணெய் டின்னும் வீட்டிலேயே இருக்கட்டும். அதில் விழும் கீறலில் தேய்க்க எந்தப் பிரஷ்ஷும் நுழையாது.

கடைசியாக மருந்து. மடிக்குள் ஊசி மருந்து ஏற்றியிருந்தால், அதன் பெட்டியிலோ சீட்டிலோ எத்தனை நாள் பால் ஊற்றக்கூடாது என்று இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். நோய் ஒரு காம்பில்தானே, மற்ற மூன்று காம்பின் பாலை ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம், மருந்து ரத்தம் வழியாக எல்லாக் காம்புக்கும் போகிறது. அந்தப் பால் கலந்தால் தயிர் உறையாது, நோயாளிக்கு நாளை கொடுக்கும் மருந்தும் வேலை செய்யாமல் போகும். மருந்து போட்ட மாடு என்றால் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அட்டையில் குறித்துக்கொள்வோம். நாளை காலையிலிருந்து கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, உள்சுவரை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பால் ஊற்றிக்கொள்வோம். வெள்ளைப் படலம் இருக்கும் கேனைத் திருப்பித் தருவோம்.